மார்ச் மாதத்துக் கடனும் ஒரு பாக்கெட் டைரியும்: தோற்ற தொழிலை மேடையில் சொன்ன ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

மதுரைக்குத் தெற்கே உள்ள ஒரு கல்லூரியில் தொழில்முனைவோர் மையத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் நான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி தொழில்முனைவோர் நாள் நடத்துகிறோம். வழக்கமாக, ஊரில் பெயர் சொல்லும்படி வளர்ந்த ஒருவர் வருவார், தான் பட்ட கஷ்டங்களைச் சொல்வார், மாணவர்கள் கைதட்டுவார்கள். மறுநாள் வகுப்பில் "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் "முயற்சியை விடக்கூடாதுன்னு சொன்னார் சார்" என்பதைத் தாண்டி எதுவும் வராது. மூன்று ஆண்டுகள் இதையே பார்த்த பிறகு, தொழிலில் தோற்ற ஒருவரை அழைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பழைய மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். படிப்பை முடித்த கையோடு நண்பர் ஒருவருடன் சேர்ந்து இட்லி மாவு பாக்கெட் தொழில் தொடங்கியவர். பதினொரு மாதங்களில் மூடிவிட்டார். அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராகச் சம்பளத்துக்கு இருக்கிறார். இரண்டாவது தொழில் எதையும் தொடங்கவில்லை.

கல்லூரி நிர்வாகத்தில் ஒருவர் தயங்கினார். "தோத்து, பிறகு ஜெயிச்சவரைக் கூப்பிடலாம். இன்னும் ஜெயிக்காதவரைக் கூப்பிட்டா பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பிறகு ஜெயித்தவர் சொல்லும் தோல்விக்கதை, ஜெயித்த இடத்தை நோக்கியே சாய்ந்துவிடுகிறது. அந்தத் தோல்வி எப்படி நடந்தது என்பது அதில் மறைந்துபோகிறது. இவருடைய கதைக்கு அப்படிச் சாய்ந்துகொள்ள ஓர் இடம் இல்லை என்பதாலேயே இவர் வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். நிகழ்ச்சிக்கு ஐந்து வாரங்கள் இருந்தன.

முதல் பிரதியில் கண்டது

பத்து நாள் கழித்துத் தன் உரையை ஏழு பக்கங்களில் எழுதி எடுத்து வந்தார். என் அறையில் வைத்து வாசிக்கச் சொன்னேன். 31 நிமிடம் ஓடியது. அவருக்குக் கொடுத்திருந்தது 20 நிமிடம். நீளத்தை வெட்டிவிடலாம், அது பெரிய பிரச்சினையில்லை. எனக்கு உறுத்தியது வேறு.

தொழில் ஏன் மூடியது என்பதற்கு அந்தப் பிரதியில் மூன்று காரணங்கள் இருந்தன. பெரிய கம்பெனி மாவு சந்தைக்கு வந்தது. கடைக்காரர்கள் பணத்தை இழுத்தடித்தார்கள். கூட்டாளி பாதியில் விட்டுவிட்டுப் போனார். மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. அடுத்த பத்தியிலேயே ஐந்து பாடங்கள்: திட்டமிடு, பொறுமை காத்திரு, சரியான ஆளைச் சேர்த்துக்கொள் என்று. காரணங்களுக்கும் பாடங்களுக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை. கூட்டாளி போனதுதான் காரணம் என்றால், எந்த நாளில், எதைப் பார்த்து, எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்? அதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படி யோசிச்சது இல்லை சார்" என்றார். மறைக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. மூன்று ஆண்டுகளாக உறவினரிடமும் நண்பர்களிடமும் சொல்லிச் சொல்லி, அந்த மூன்று காரணங்களும் அவருக்கே உண்மையாகிவிட்டன.

இது அவர் ஒருவரின் குறையும் அல்ல. 1975-இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய போர் ஒன்றைப் பற்றிய விவரத்தைப் பலரிடம் வாசிக்கக் கொடுத்தார். சில குழுக்களுக்கு முடிவையும் சேர்த்துச் சொன்னார், ஆனால் குழுவுக்குக் குழு வேறு வேறு முடிவு. எந்த முடிவைச் சொன்னாலும், அதைக் கேட்ட குழு "அப்படி நடக்கத்தான் வாய்ப்பு அதிகம் இருந்தது" என்று மதிப்பிட்டது. நடந்து முடிந்த எதுவும் நடந்தே தீர வேண்டியிருந்தது போலத் தெரிவது மனித இயல்பு. மேடையில் தன் தோல்வியைச் சொல்பவருக்கு இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. முடிவிலிருந்து பின்னோக்கிப் பேசினால் கேட்பவர்கள் "இது தெரியாதா, நாமாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டோம்" என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

முதல் முடிவு: ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வது

பாடங்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்னேன். பதினொரு மாதங்களில் அவர் எடுத்த முடிவுகளில், திரும்ப வாய்ப்புக் கிடைத்தால் மாற்ற விரும்பும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தயங்காமல் சொன்னார்: மார்ச் நடுவில் மூன்றாவது கிரைண்டர் வாங்க எடுத்த 1,40,000 ரூபாய்க் கடன். அந்தக் கிரைண்டர் வந்து இறங்கியது ஏப்ரல் கடைசியில். முழுத் திறனில் அது ஒருநாள்கூட ஓடவில்லை.

ஒரு தாளை நான்காகக் கோடிட்டுக் கொடுத்தேன். அன்று எனக்குத் தெரிந்தது என்ன, அன்று நான் நம்பியது என்ன, அந்த நம்பிக்கையைச் சோதிக்க அன்றே என்ன வழி இருந்தது, அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும். "அன்று" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டேன். பிறகு தெரிந்ததை எழுதக் கூடாது.

முதல் கட்டத்தில் அவர் எழுதியது: நோட்டில் மாதம் 36,000 ரூபாய் லாபம், ஆனால் கல்லாவில் பணம் இல்லை. இரண்டாவதில்: பணம் கடைக்காரர்களின் பாக்கியில் நிற்கிறது, உற்பத்தியைக் கூட்டினால் சரியாகிவிடும். மூன்றாவது கட்டம் காலியாகவே இருந்தது. "சோதிக்க வழியே இல்லை சார், அப்ப யாருக்கும் தெரியாது" என்றார்.

36,000 எப்படி வந்தது என்று கேட்டேன். ஒரு கிலோ பாக்கெட்டைக் கடைக்கு 36 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். அரிசி, உளுந்து, கவர், கூலி, கரண்ட், வண்டி எல்லாம் சேர்ந்து 30 ரூபாய். மீதி 6. ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு 200 பாக்கெட் போனது, ஆக 1,200 ரூபாய், முப்பது நாளைக்கு 36,000. கணக்கில் பிழை இல்லை. "திரும்பி வந்த பாக்கெட்?" என்று கேட்டேன். "அதை மாத்திக் கொடுத்துருவோம் சார். அது கணக்குல வராது" என்றார்.

அந்தப் பதிலை அவர் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. திரும்பி வந்ததற்குப் பதிலாகப் புதுப் பாக்கெட் கொடுத்தாயிற்று, கடைக்காரரோடு கணக்குத் தீர்ந்துவிட்டது, எனவே நோட்டில் எழுத எதுவும் இல்லை. அந்தப் புதுப் பாக்கெட்டும் அன்றைய 200-இல் ஒன்று, அதற்குப் பணம் வராது என்பது எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை. மாற்றிக் கொடுத்தது எத்தனை என்று கேட்டேன். "ஒரு நாளைக்குப் பத்து இருக்கும்" என்று நினைவிலிருந்து சொன்னார்.

இரண்டாவது முடிவு: கூட்டாளியிடம் கேட்பது

உரையில் கூட்டாளியைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. பெயர் இல்லை, ஆனால் கேட்பவர்களில் பலர் அந்த ஆண்டு மாணவர்களை அறிந்தவர்கள். இல்லாத ஒருவரை மேடையில் குற்றம் சொல்வது சரியில்லை என்பது ஒரு காரணம். கடை கடையாகப் பாக்கெட் போட லைனுக்குப் போனவர் அவர்தான், திரும்பிய பாக்கெட்டை எண்ணியிருந்தால் அவர்தான் எண்ணியிருப்பார் என்பது இன்னொன்று. பேசிப் பாருங்கள் என்றேன். மூன்று ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, என் அறையிலிருந்தே அழைத்தார்.

மறுமுனையில் கோபம் இல்லை. "மாப்ள, பிப்ரவரியிலயே சொன்னேன்ல, ரிட்டர்ன் ஏறிக்கிட்டே போகுதுன்னு. ரிட்டர்ன் இல்லாத தொழில் எதுடான்னு கேட்டுட்டுப் போயிட்ட" என்றார் அவர். பிறகு, டைரி இன்னும் இருக்கிறது என்றார்.

சட்டைப் பையில் வைக்கும் சின்ன டைரி. ஞாயிற்றுக்கிழமை மூவரும் பழங்காநத்தத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். தினமும் காலை ஆறு மணிக்கு வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், பழங்காநத்தம், திருநகர் என்று லைன் போகும்போது, கடையின் முதல் எழுத்தும் அருகே ஓர் எண்ணும் பென்சிலால் எழுதியிருந்தார். அந்த எண்தான் மாற்றிக் கொடுத்த பாக்கெட். தன் வசதிக்காக எழுதியது, யாரும் கேட்கவில்லை.

நாள் சராசரி எடுத்தோம். ஜனவரியில் 22, பிப்ரவரியில் 27, மார்ச்சில் 34, ஏப்ரலில் 41. நினைவு சொன்ன பத்துக்கும் தாளில் இருந்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதை அவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்.

அந்தக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உரை முழுவதும் கடைசியில் இதன் மேல்தான் நின்றது.

ஒரு பாக்கெட் விற்றால் 6 ரூபாய் வருகிறது. ஒரு பாக்கெட் வீணானால் 30 ரூபாய் போகிறது. ஆக, திரும்பி வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒழுங்காக விற்ற ஐந்து பாக்கெட்டின் லாபத்தைத் தின்றுவிடுகிறது. ஆறில் ஒன்று திரும்பினால் லாபம் பூஜ்ஜியம். 200-க்கு அது 33 பாக்கெட் சொச்சம்.

ஜனவரியில் 178 பாக்கெட்டுக்குப் பணம் வந்தது: 6,408 ரூபாய். செலவு 6,000. நாளைக்கு 408 மிச்சம். பிப்ரவரியில் அது 228. மார்ச்சில் 24 ரூபாய் நட்டம். ஏப்ரலில் நாளைக்கு 276 ரூபாய் நட்டம். இதில் முதல் இரண்டு கிரைண்டருக்கும் வண்டிக்கும் கட்டிய மாதத் தவணை 9,500 சேரவில்லை. அதையும் கழித்தால் ஜனவரியில் மூவாயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியது, பிப்ரவரியிலேயே தொழில் நட்டத்தில் இறங்கிவிட்டது. மார்ச் நடுவில் கடன் வாங்கக் கையெழுத்துப் போட்டபோது, அவர் கையில் இருந்த நோட்டு மாதம் 36,000 லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கடைப் பாக்கி இருந்தது உண்மை. மூடும்போது சுமார் 70,000 நின்றது, அதில் பாதிக்கு மேல் வரவே இல்லை. ஆனால் கல்லா காலியானதற்கு முதல் காரணம் அது அல்ல. பெரிய கம்பெனி மாவு அந்தக் கடைகளுக்கு வந்தது மே மாதத்தில். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஏன் ரிட்டர்ன் ஏறியது? இதற்கும் டைரியில் பதில் இருந்தது. 45 கடைகளில் ஒன்பது கடைகள் மட்டும் மொத்த ரிட்டர்னில் பாதிக்கு மேல் கொடுத்திருந்தன. அந்த ஒன்பதும் என்ன கடைகள் என்று கேட்டபோது கூட்டாளி உடனே சொன்னார்: "நைட்டு கடையைச் சாத்தும்போது பிரிட்ஜை ஆப் பண்ணிட்டுப் போறவங்க. காலையில பாக்கெட் வைக்கப் போனா உள்ளே வெதுவெதுன்னு இருக்கும்."

அரைத்த மாவு உயிருள்ள சரக்கு. அதிலுள்ள நுண்ணுயிரிகள் புளிப்பையும் வாயுவையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நல்ல குளிரில் அந்த வேலை மெதுவாகிறது, மூன்று நான்கு நாள் தாங்கும். குளிர் விட்டால் வேகம் பிடிக்கும், வாயு வெளியேற வழியில்லாத கவர் உப்பிவிடும். உப்பிய கவரை வாடிக்கையாளர் தொட மாட்டார். மார்கழி, தை மாதத்தில் பிரிட்ஜ் ஒரு ராத்திரி அணைந்திருந்தாலும் மாவு ஓரளவு தாக்குப்பிடித்தது. பங்குனி வெயில் ஏறியதும் அதே கடை, அதே பிரிட்ஜ், ஆனால் காலைக்குள் கவர் பந்து மாதிரி ஆகியது. தரத்தில் குறையில்லை, அரைப்பதில் குறையில்லை. 12 கடைகளில் 60 பாக்கெட் போட்ட முதல் ஆறு மாதங்களில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. அந்தப் பன்னிரண்டும் வீட்டுக்குப் பக்கத்துக் கடைகள், மாலையிலேயே விற்றுவிடும், ராத்திரி தங்கும் சரக்கு குறைவு.

காலியாக இருந்த மூன்றாவது கட்டம் இப்போது நிரம்பியது. அன்று சோதிக்க வழி இருந்தது: லைன் முடிந்து வண்டி திரும்பும்போது அதில் கிடக்கும் பாக்கெட்டை மூன்று நாள் எண்ணிப் பார்ப்பது. நான்காவது கட்டத்தில் அவர் "செலவு இல்லை" என்று எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து அதற்குக் கீழே "அவன் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தான்" என்று சேர்த்தார்.

உரையை மீண்டும் எழுதியது

இதற்குப் பிறகு உரை வேகமாக அமைந்தது. மூன்று இடங்களில் மட்டும் நாங்கள் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

முதலாவது, தொடக்கம். பழைய பிரதி பள்ளிப் பருவத்திலிருந்து தொடங்கியது. புதியது கடன் வாங்கிய நாளிலிருந்து: "மார்ச் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் நோட்டுல மாசம் முப்பத்தாறாயிரம் லாபம். கல்லாவுல இருநூறு ரூபா. நீங்க என் இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" முடிவு என்ன ஆனது என்பதை அந்த இடத்தில் சொல்லக் கூடாது என்று வற்புறுத்தினேன். அவருக்கு அன்று இருந்த குழப்பத்தில் மாணவர்களும் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். ஃபிஷ்ஹாஃப் காட்டிய வழுக்கலைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

இரண்டாவது, வீட்டுப் பணம். பழைய பிரதியில் அம்மாவின் நகையை அடகு வைத்த பகுதி இருந்தது, அதை வாசிக்கும்போது அவர் குரல் உடைந்தது. அரங்கத்தையும் அது கட்டிப்போடும். அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டுவிட்டு வந்து, "வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார். சொந்தக்காரங்க காதுக்குப் போகும்னு" என்றார். எடுத்துவிட்டோம். 'வீட்டுப் பணம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது என்றும், யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்றும் முன்பே பேசி வைத்தோம். (நடந்ததைப் பதிவு செய்யும் நானும் அவர் அம்மாவிடம் இந்த வரிகளுக்குத் தனியாக அனுமதி கேட்டேன். பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுவதில் தடையில்லை என்றார்.)

மூன்றாவது, நேரம். 20 நிமிட உரையைத் தயாரித்தோம், ஆனால் நேரம் குறைந்தால் எந்த ஆறு நிமிடத்தை விட்டுவிடலாம் என்பதையும் குறித்து வைத்தோம். நம் கல்லூரி விழாக்களில் வரவேற்புரையும் வாழ்த்துரையும் குறித்த நேரத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை. தொடக்க நாட்களையும் மூடிய பிறகான வேலை தேடலையும் விடலாம். மார்ச் மாதமும் டைரியும் கணக்கும் விடக் கூடாதவை.

இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். இரண்டாவது ஒத்திகைக்கு வணிகவியல் மாணவர்கள் நால்வரை உட்கார வைத்தேன். அவர்களில் ஒருவர், "ஆறில் ஒண்ணுங்கறது வேகமா போயிருச்சு அண்ணே, பிடிக்க முடியலை" என்றார். அதனால் அந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுவது என்று முடிவானது.

மேடையில்

உரை பிற்பகல் இரண்டு மணிக்கு என்று அச்சிட்டிருந்தோம். அவர் மைக்கைப் பிடித்தபோது 2.25. எதிரே சுமார் 300 பேர், சாப்பிட்டு முடித்த நேரம். 14 நிமிடம்தான் இருக்கிறது என்று சைகை காட்டினேன். தலையசைத்துவிட்டு நேராக மார்ச் மாதத்துக்குப் போனார்.

"நீங்க என்ன செஞ்சிருப்பீங்க" என்ற கேள்விக்கு முன்வரிசையிலிருந்து பதில்கள் வந்தன. பாக்கியை வசூலிப்பேன் என்றார்கள், இன்னும் கடை பிடிப்பேன் என்றார்கள். "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, பலகையில் 36 என்றும் 30 என்றும் எழுதி, "இருநூறு பாக்கெட்டுல எத்தனை திரும்பினா எனக்கு லாபம் ஒண்ணுமில்லை?" என்று கேட்டார். நூறு என்றார் ஒருவர். எழுபது என்றார் இன்னொருவர். விடையை எழுதியதும் அரங்கம் அமைதியானது. அந்த அமைதியிலேயே டைரியை எடுத்து, பிப்ரவரி பக்கத்தை வாசித்தார்: கடையின் எழுத்தும் எண்ணுமாக, ஒரு நாளின் முழுப் பட்டியல். அதை எழுதியவர் தன் நண்பர் என்றும், அவர் சொன்னதைத் தான் காதில் வாங்கவில்லை என்றும் சொன்னார். பிரிந்ததைப் பற்றி, "ஏப்ரல் கடைசியில அவன் விலகிட்டான்" என்ற ஒரு வாக்கியம் மட்டும்.

இரண்டு மாவு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று பிரிட்ஜில் வைத்தது, இன்னொன்று முந்தைய இரவு வெளியே வைத்து உப்பியது, கசிந்துவிடாமல் இருக்க மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில். முன்வரிசைக்கு அது தெரிந்தது. பத்தாவது வரிசைக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

கேள்வி நேரத்தில் எதிர்பார்த்த கேள்வி வந்தது: "வீட்டுல நகை எதுவும் வச்சீங்களா?" அவர் நிதானமாக, "அது நான் ஒருத்தன் மட்டும் சொல்ற விஷயம் இல்லைம்மா, அதனால சொல்லலை" என்றார். அடுத்த கேள்வி: அந்த ஒன்பது கடையை நிறுத்தியிருந்தால் தொழில் பிழைத்திருக்குமா? இதற்கு அவர் தயாராக வந்திருந்தார். ரிட்டர்ன் பாதியாகக் குறைந்திருக்கும், ஆனால் அந்தக் கடைகளின் விற்பனையும் போயிருக்கும், தவணையைக் கட்டும் அளவுக்கு மிஞ்சியிருக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "ஒண்ணு மட்டும் உறுதி. அந்த ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தை வாங்கியிருக்க மாட்டேன்."

இந்தப் பதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. சரியாகச் செய்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. 6 ரூபாய் இடைவெளியில் ஓடும் ஒரு சரக்கு, எண்ணிக்கையைக் கவனித்திருந்தாலும் மூடியிருக்கலாம். ஆனால் பிப்ரவரியில் மூடுவதற்கும் மே மாதத்தில் மூடுவதற்கும் நடுவில் அந்தக் கடன் இருந்தது.

பிறகு நடந்தது

வெளியேறும்போது ஒரு துண்டுச் சீட்டில், இந்த உரையிலிருந்து நீங்கள் செய்யப்போகும் ஒன்றை எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். 118 சீட்டுகள் வந்தன. ஏறக்குறைய பாதியில் திரும்பி வருவதை எண்ணுவது, தனியாக எழுதுவது என்ற கருத்து ஏதோ ஒரு சொல்லில் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் பொத்தாம்பொதுவான வாக்கியங்களே வந்ததை ஒப்பிட்டால் இது வேறு ரகம்.

ஆனால் 23 சீட்டுகளில் "நண்பனோடு சேர்ந்து தொழில் செய்யக் கூடாது" என்று இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, அவருக்கு இன்னும் அதிகம். உரை சொன்னது நேர் எதிரானது. நண்பர் எண்ணி வைத்திருந்தார், சொல்லவும் செய்தார். ஆனால் 14 நிமிடத்தில் விலகிப்போனதைச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் விளக்கமில்லாமல் நின்றது. கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த கதையை வைத்து அதை நிரப்பிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். வீட்டில் முறுக்கும் தட்டையும் சுட்டு, கல்லூரியைச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்குப் போடுகிறார்கள். விற்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வது அவர்களின் வழக்கம். உரைக்குப் பிறகு ஒரு வாரம் எண்ணியிருக்கிறார்கள்: போட்டது 90, திரும்பியது 11. அதில் எட்டு ஒரே கடையிலிருந்து. அந்தக் கடையில் பாக்கெட்டை வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டிருந்தார்களாம், எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிட்டது. இடத்தை மாற்றித் தொங்கவிட அந்த அக்கா ஒப்புக்கொண்டார் என்றார்கள். அவர்களின் நோட்டைப் பார்த்தேன். போட்டது, திரும்பியது, பணம் வந்தது என்று மூன்று பத்திகள். நாங்கள் யாரும் அப்படிக் கோடு போடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

உப்பிய பாக்கெட்டைக் கையில் காட்டுவதற்குப் பதில் படம் எடுத்துத் திரையில் போடுவோம். டைரியின் ஒரு பக்கத்தையும் அப்படியே. இவை சிறியவை.

பெரியது, கூட்டாளியின் இடம். அவரைக் குற்றம் சொல்லும் அரைப் பக்கத்தை நீக்கியது சரி, ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டோம். பிப்ரவரியில் அவர் சொன்னபோது ஏன் காதில் ஏறவில்லை என்பதற்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்க வேண்டும். அவருக்குத் தொழிலில் எழுத்துப்பூர்வமான பங்கு இல்லை. நோட்டு ஒருவரிடம், லைன் இன்னொருவரிடம். நோட்டை வைத்திருந்தவர் லைனுக்கே போகவில்லை, லைனுக்குப் போனவர் நோட்டைப் பார்த்ததில்லை. வாரத்தில் ஒருநாள் இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. 23 சீட்டுகளுக்கும் பதில் அங்கே இருந்தது. இதற்கு உரையில் இடம் கொடுக்காமல் விட்டது என் முடிவு, அது தவறான முடிவு.

இன்னொன்று, தயாரிப்புக்கான காலம். ஐந்து வாரத்தில் பாதி பழைய பிரதியைத் திருத்துவதிலேயே போனது. இனி யாரை அழைத்தாலும் உரை எழுதச் சொல்வதற்கு முன், அன்றைய நோட்டையும் பில்லையும் பாஸ்புக்கையும் கொண்டுவரச் சொல்வேன். தொழிலில் உடன் இருந்த இன்னொருவரையும் பார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவோம்.

டைரியைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். இப்போது வாடகை வேன் ஓட்டுகிறார் கூட்டாளி. அடுத்த ஆண்டு இருவருமாக மேடையேற முடியுமா என்று கேட்டேன். டைரியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "முகூர்த்த நாளா இல்லாம பாத்து வைங்க சார், வர்றேன்" என்றார்.